கையில் 5 லட்சம்: வீட்டுக் கடனில் கட்டுவதா, முதலீடு செய்வதா?

வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் ஒரு மொத்தத் தொகை வந்தால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, "இதை அசலில் கட்டினால் பத்து லட்சம் வட்டி மிச்சம்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "ஃபண்டில் போட்டால் பதினைந்து வருஷத்தில் இருபத்து நான்கு லட்சம் ஆகும், எட்டரை வட்டிக் கடனை எதற்கு அவசரமாகக் கட்ட வேண்டும்" என்று கேட்கும். இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு. ஒன்று பல வருடங்களில் சிறுகச் சிறுக மிச்சமாகும் பணம், மற்றொன்று கடைசி நாளில் கைக்கு வரும் பணம். இரண்டையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது லாபம் என்று பேச முடியும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை ஒரே ஓர் உதாரணத்தை வைத்து முழுதாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் கடன் இது: மீதி அசல் 30 லட்சம், மாறும் வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 வருடம், அதாவது 180 தவணை. இஎம்ஐ 29,542 ரூபாய். கையில் இருக்கும் உபரிப் பணம் 5 லட்சம்.

முதலில் சில விஷயங்கள்

இந்த 5 லட்சம் உண்மையிலேயே உபரிதானா என்று பாருங்கள். ஆறு மாதச் செலவும் ஆறு மாத இஎம்ஐயும் தனியாக, எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோனோ இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, பணம் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்து, உங்கள் வட்டி விகிதத்தைச் சரிபாருங்கள். 2019 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கு வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. அதற்கு முந்தைய முறையில் கடன் வாங்கியவர்கள் பலர், கேட்காததால் மட்டுமே, இன்னும் அதிக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புது வாடிக்கையாளருக்கு அதே வங்கி என்ன வட்டி கொடுக்கிறது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு, மாற்றித் தரச்சொல்லி ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஒரு சிறு கட்டணம் கேட்பார்கள். நம் உதாரணத்தில் 8.5 என்பது 8 ஆகி, இஎம்ஐ அப்படியே இருந்தால், அசலில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாமலே 180 தவணை சுமார் 170 ஆகிவிடும். ஐந்து லட்சத்தை என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கடன் எவ்வளவு குறைகிறது?

கணக்குக்கு மூன்று எண்கள் வேண்டும்: மீதி அசல், இப்போதைய வட்டி, மீதித் தவணைகள். மூன்றையும் கடன் கணக்கு அறிக்கையிலிருந்து எடுங்கள், கடன் வாங்கியபோது கொடுத்த கடிதத்திலிருந்து வேண்டாம். காரணம் இருக்கிறது. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5க்கு ஏறியது. அப்போது பெரும்பாலான வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் தவணை எண்ணிக்கையை நீட்டிவிட்டன. இருபது வருடக் கடனில் ஐந்து வருடம் கட்டியாயிற்று, இன்னும் பதினைந்துதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அறிக்கையைத் திறந்தால் பதினேழோ பதினெட்டோ இருக்கலாம்.

எண்கள் கிடைத்ததும் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இந்த ஒரு வரி போதும்:

```
=NPER(8.5%/12, -29542, 2500000)
```

30 லட்சத்தில் 5 லட்சம் கட்டியபின் 25 லட்சம் மீதி, அதே இஎம்ஐ. விடை 129.61. அதாவது 129 முழுத் தவணை, 130-வது மாதம் சுமார் 18,100 ரூபாய், அதோடு கடன் முடிந்தது. 180 தவணை கட்ட வேண்டியவருக்கு 50 மாதம் முழுதாகவும், 130-வது மாதத்தில் ஒரு 11,400 ரூபாயும் மிச்சம். கூட்டினால் 14.88 லட்சம். கட்டிய 5 லட்சத்தைக் கழித்தால் 9.88 லட்சம். "பத்து லட்சம் வட்டி மிச்சம்" என்பது இங்கிருந்து வருகிறது.

இரண்டையும் ஒரே தேதியில் நிறுத்துவது

கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் அதே கடன், அதே சம்பளம், கையில் அதே 5 லட்சம். ஒருவர் அதைக் கடனில் கட்டிவிடுகிறார். மற்றவர் முதலீடு செய்துவிட்டு, கடனை வழக்கம்போல 180 மாதம் கட்டுகிறார். 129-வது மாதம் வரை இருவர் கையிலிருந்தும் மாதம் 29,542 ரூபாய் போகிறது, வித்தியாசமே தெரியாது. 130-வது மாதத்தில் முதலாமவர் கடைசி 18,100 ரூபாயைக் கட்டுகிறார், அதன்பிறகு அவருக்குக் கடன் இல்லை. மாதம் 29,542 ரூபாய் கையில் நிற்கிறது. இரண்டாமவர் இன்னும் 50 மாதம் கட்டுகிறார்.

அப்படியானால் 180-வது மாத முடிவில் ஒப்பிட வேண்டியவை எவை? இரண்டாமவரிடம் 15 வருடம் வளர்ந்த 5 லட்சம் இருக்கிறது. முதலாமவரிடம், விடுபட்ட இஎம்ஐயைக் கடைசி 50 மாதமும் அவர் முதலீடு செய்திருந்தால், அது சேர்ந்த தொகை இருக்கிறது. இந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். 9.88 லட்சம் என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை.

இந்த முறை சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. முதலீட்டிலும் கடன் வட்டியே, 8.5 சதவீதம் மாதக் கூட்டுவட்டியில், வரி இல்லாமல் கிடைக்கிறது என்று வையுங்கள்.

```
=FV(8.5%/12, 180, 0, -500000)
=FV(8.5%/12, 50, -29542) + FV(8.5%/12, 50, 0, -11408)
```

முதல் வரி இரண்டாமவருக்கு, இரண்டாவது வரி முதலாமவருக்கு. இரண்டுக்கும் விடை சுமார் 17.81 லட்சம். சில ரூபாய் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். முதலீட்டின் நிகர வருமானம் கடன் வட்டிக்குச் சமமாக இருந்தால் எதைச் செய்தாலும் ஒன்றே. உங்கள் கணக்கில் இந்த இரண்டு விடையும் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு எண் தவறு, மேலே போக வேண்டாம்.

இன்னொன்றும் இங்கே தெரிகிறது. கடனை முன்கூட்டியே கட்டுவதும் ஒரு முதலீடுதான். அதன் வருமானம் உங்கள் கடன் வட்டி. மாதாமாதம் கணக்கிடப்படும் 8.5 என்பது ஆண்டுக் கணக்கில் 8.84 சதவீதம். வரி கிடையாது, சந்தை விழுந்தால் குறையாது.

வரி போன பிறகு

கடனில் மிச்சமாகும் வட்டிக்கு யாரும் வரி கேட்க மாட்டார்கள். முதலீட்டு லாபத்துக்குக் கேட்பார்கள். ஒப்பீட்டில் பலரும் மறப்பது இதைத்தான்.

எஃப்டி வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, நீங்கள் இருக்கும் வரி அடுக்கிலேயே கழியும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 31.2 சதவீதம். 7 சதவீத எஃப்டி கையில் 4.8 ஆகத்தான் வரும். 

பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதமும் செஸ்ஸும். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். 2018 மார்ச் வரை இந்த வரியே இல்லை, அப்புறம் 10 ஆனது, இப்போது 12.5. இன்னும் பதினைந்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது எவ்வளவு இருக்கும் என்பது அப்போதைய பட்ஜெட்டின் கையில். இப்போதைய விகிதத்தை வைத்தே கணக்குப் போடுவோம்.

இருவரும் ஒரே வகை முதலீட்டையே பயன்படுத்துகிறார்கள், கடைசியில் மொத்தமாக விற்று வரி கட்டுகிறார்கள் என்று வைத்தால், 15-வது வருட முடிவில் கையில் நிற்பது இவ்வளவு. எல்லாம் லட்சத்தில்.

| முதலீட்டின் ஆண்டு வருமானம் | முதலீடு செய்தவர் | கடன் கட்டியவர் | யார் முன்னே |
|---|---|---|---|
| எஃப்டி 7%, 30% வரி அடுக்கு | 10.12 | 16.42 | கட்டியவர், 6.30 |
| ஃபண்ட் 8% | 14.61 | 17.34 | கட்டியவர், 2.73 |
| ஃபண்ட் 9.5% | 17.78 | 17.80 | சமம் |
| ஃபண்ட் 11% | 21.62 | 18.28 | முதலீட்டாளர், 3.34 |

கடைசி வரி எப்படி வந்தது என்று மட்டும் விரித்துப் பார்க்கலாம், மற்றவையும் அதே வழிதான். 5 லட்சம் ஆண்டுக்கு 11 சதவீதத்தில் 15 வருடத்தில் 23.92 லட்சம் ஆகும். லாபம் 18.92 லட்சம். 1.25 லட்சத்தைக் கழித்து, மீதி 17.67 லட்சத்துக்கு செஸ்ஸோடு 13 சதவீதம் வரி, அதாவது 2.30 லட்சம். நிற்பது 21.62. கட்டியவர் பக்கம், விடுபட்ட இஎம்ஐ 50 மாதம் அதே 11 சதவீதத்தில் வளர்ந்து 18.60 லட்சம் ஆகிறது. அவர் லாபம் 3.71 லட்சம்தான், வரி சுமார் 32 ஆயிரம். நிற்பது 18.28. கடைசி வருடத்தில் போட்ட தவணைகளின் லாபத்துக்குக் குறுகிய கால வரி கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் அந்த லாபமே சிறியது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இப்போது அந்த "இருபத்து நான்கு லட்சம் ஆகுமே" கட்சிக்கு வருவோம். 18.92 லட்சம் லாபத்தையும் 9.88 லட்சம் வட்டி மிச்சத்தையும் அருகில் வைத்தால் முதலீடு 9 லட்சம் முன்னே இருப்பதுபோலத் தெரியும். ஒரே தேதியில், வரிக்குப் பிறகு பார்த்தால் வித்தியாசம் 3.34 லட்சம். அதுவும் பதினைந்து வருடமும் சராசரியாக 11 சதவீதம் கிடைத்தால்.

இந்தக் கடனுக்குச் சமப்புள்ளி 9.5 சதவீதம். ஃபண்டில் அதற்கு மேல் கிடைக்கும் என்று நம்பினால் முதலீட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, கீழே என்றால் இல்லை. எஃப்டிக்கு எந்த நியாயமும் இல்லை. 30 சதவீத அடுக்கில் இருந்துகொண்டு, அவசரகாலப் பணத்துக்கு மேல் எஃப்டியும் வைத்துக்கொண்டு, கூடவே 8.5 சதவீதத்தில் கடனும் கட்டுபவர் வருடாவருடம் வங்கிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிபிஎஃப் 7.1 சதவீதம், வரி இல்லை. அதுகூட 8.84க்குக் கீழேதான். ஆக, இது கடனைக் கட்டுவதற்கும் பங்குச் சந்தைக்கும் இடையிலான கேள்வி மட்டுமே. பாதுகாப்பான முதலீடு எதுவும் இந்தப் போட்டியில் இல்லை.

சராசரி 11 வரும், ஆனால் வழியில் என்ன வரும்?

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே இருந்தது. உச்சத்தில் போட்ட 5 லட்சம், குறியீட்டோடு சேர்ந்தே இறங்கியிருந்தால், பதினான்கு மாதத்தில் 2 லட்சத்துக்கும் கீழே தெரிந்திருக்கும். அதே மாதங்களில்தான் பல இடங்களில் வேலையும் போனது. இஎம்ஐ மட்டும் அதே தேதியில் வந்து நின்றது.

பிறகு சந்தை மீண்டது. நீண்ட காலம் காத்திருந்தவர்களுக்கு நல்ல வருமானமும் கிடைத்தது. ஆனால் அந்தப் பதினான்கு மாதமும் கையை வைக்காமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நடுவில் பயந்து விற்றவருக்கு மேலே உள்ள அட்டவணையின் எந்த வரியும் பொருந்தாது. என்னைக் கேட்டால், இதுவரை ஒரு பெரிய சரிவையாவது பங்கு முதலீட்டோடு கடந்திராதவர், கடன் இருக்கும்போது அந்தச் சோதனையை 5 லட்சத்தில் தொடங்க வேண்டாம்.

கடனைக் கட்டுபவர் பக்கமும் ஒரு பலவீனம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது. 5 லட்சம் கட்டிவிட்டேனே என்று அடுத்த மாதம் வங்கி இஎம்ஐயை விட்டுக்கொடுக்காது. கடன் நான்கு வருடம் முன்னதாக முடியும், ஆனால் நாளைக்கு வேலை போனால் நாளை மறுநாள் 29,542 வேண்டும். முதலீட்டில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கடனில் கட்டலாம். கடனில் கட்டியதை எடுத்து முதலீடு செய்ய முடியாது. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே கணக்கில் கூடுதலாகப் போட்ட பணத்துக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்தும் கொள்ளலாம். அதற்காக அந்த வகைக் கடனின் வட்டி சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம்.

இரண்டாவது பலவீனம் மனிதர்களுடையது. அட்டவணையில் கட்டியவர் பக்கம் 17, 18 லட்சம் வருவதற்குக் காரணம், கடன் முடிந்த மறுமாதமே அதே 29,542ஐ அவர் முதலீட்டுக்குத் திருப்பியதுதான். பலர் அப்படிச் செய்வதில்லை. கடன் முடிந்த சந்தோஷத்தில் காருக்கு ஒரு இஎம்ஐ தொடங்கிவிடுவார்கள். அப்படியானால் 180-வது மாதத்தில் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

மீதி வருடம் குறைவாக இருந்தால்?

"கடைசி வருடங்களில் கட்டிப் பயனில்லை, வட்டியெல்லாம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு இருக்கும் மீதி அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் இஎம்ஐயில் வட்டியின் பங்கு பெரிது. முன்கூட்டியே எதையும் யாரும் எடுப்பதில்லை. மூன்று வருடம் மீதி இருக்கும்போது கட்டினாலும் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதே 8.5 சதவீதம்தான் மிச்சம். அது மிச்சமாகும் காலம் குறைவு, அதனால் மொத்தத் தொகை சிறிதாகத் தெரிகிறது.

காலம் குறையும்போது உண்மையில் மாறுவது மறுபக்கம். 15 வருடத்தில் பங்குச் சந்தைக்கு ஒரு சரிவிலிருந்து மீள நேரம் இருக்கிறது. மூன்று வருடத்தில் இல்லை. மூன்று வருடத்துக்குப் பாதுகாப்பாக வைக்க எஃப்டி மாதிரியான இடங்கள்தான், அவை ஏற்கெனவே தோற்றுவிட்டன. ஆகவே மீதி ஐந்து வருடத்துக்குள் என்றால், அவசரகாலப் பணம் தனியாக இருக்கும்பட்சத்தில், கட்டிவிடுவதே என் தேர்வு. பத்து வருடத்துக்கு மேல் என்றால் பாதிக்குப் பாதி பிரிப்பதில் தவறில்லை. கணக்கின்படி அது சிறந்த விடை ஆகாது, ஆனால் எந்தப் பக்கம் போனாலும் முழுதாக வருந்த வேண்டியதில்லை.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு

இதுவரை போட்ட கணக்கு புதிய வரி முறையில் இருப்பவருக்கு. அங்கே சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை. பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம், அதனால் கடன் வட்டி உண்மையில் குறைகிறது. ஆனால் அது எவ்வளவு என்பதைக் கண்மூடித்தனமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

நம் உதாரணத்தில் அடுத்த 12 மாதத்தில் வட்டி மட்டும் 2.51 லட்சம். 5 லட்சம் கட்டிவிட்டால் அது 2.07 லட்சம். இரண்டுமே 2 லட்சத்துக்கு மேல்தான். முதல் வருடத்தில் குறையும் 44 ஆயிரம் ரூபாய் வட்டிக்கு எப்படியும் கழிவு கிடைத்திருக்காது, ஆகவே இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த வருடங்களில்தான் சலுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். "வரிச் சலுகை போய்விடும், கட்டாதே" என்று யாராவது சொன்னால், உங்கள் வருட வட்டி 2 லட்சத்துக்கு மேலா கீழா என்று முதலில் பாருங்கள்.

கணவன் மனைவி இருவரும் கூட்டாகக் கடன் வாங்கி, வீடும் இருவர் பெயரிலும் இருந்து, இருவருமே பழைய முறையில் 30 சதவீத அடுக்கில் இருந்தால் கதை வேறு. ஆளுக்கு 2 லட்சம் வரை என்பதால் வட்டி முழுவதற்குமே கழிவு கிடைக்கும். அவர்களுக்கு 8.5 என்பது வரிக்குப் பின் 5.85 ஆகிறது. அங்கே பிபிஎஃப்பே முந்திவிடும். அவர்கள் அவசரப்பட்டுக் கட்டத் தேவையில்லை.

கட்டுவது என்று முடிவானால்

மாறும் வட்டியில், தொழிலுக்காக இல்லாமல் வாங்கிய தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கியின் விதி அது. நிலையான வட்டிக் கடனுக்குக் கட்டணம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரு முறைக்குக் குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும் என்று சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கும், 5 லட்சத்துக்கு அது தடையாக இருக்காது.

பணத்தைக் கட்டும்போது தவணைக் காலத்தைக் குறைப்பதா, இஎம்ஐயைக் குறைப்பதா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைத்தால் வட்டி மிச்சம் 9.88 லட்சம். இஎம்ஐயைக் குறைத்தால் அது 24,618 ஆகும், மாதம் 4,924 குறைவு, 180 மாதத்தில் வட்டி மிச்சம் 3.86 லட்சம். இதை வைத்து "காலத்தைக் குறைப்பதில் ஆறு லட்சம் லாபம்" என்று சொல்வார்கள். இதுவும் அதே பழைய தவறுதான். மாதம் மிச்சமாகும் அந்த 4,924ஐ 8.5 சதவீதத்தில் போட்டுவந்தால் கடைசியில் அங்கேயும் 17.81 லட்சம்தான் நிற்கும். அந்தச் சில ஆயிரம் செலவில் கரைந்துவிடும் என்று தெரிந்தவர் காலத்தைக் குறைக்கட்டும். சம்பளம் நிச்சயமில்லாதவருக்கு இஎம்ஐ குறைவது ஒரு பாதுகாப்பு, அவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் விட்டால் வங்கி தன் வழக்கப்படி ஒன்றைச் செய்துவிடும்.

பணம் போனதும் வேலை முடியவில்லை. சில நேரம் அந்தத் தொகை அசலில் கழியாமல், வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாகக் கணக்கில் உட்கார்ந்துவிடும். செயலியில் "பணம் பெறப்பட்டது" என்று காட்டும், வட்டி மட்டும் குறையாது. கண்டுபிடிப்பது சுலபம். கட்டிய அடுத்த முழு மாதத்தின் அறிக்கையில் வட்டி வரியைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 21,250 ஆக இருந்த வட்டி, 25 லட்சத்துக்கு 17,708ஐ ஒட்டி இருக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியில் சில நூறு ரூபாய் வித்தியாசம் வரலாம். இன்னும் 21 ஆயிரத்துச் சொச்சம் என்றால் கிளைக்குப் போய், அசலில் வரவு வைத்து அதே தேதியிலிருந்து வட்டியைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புதிய தவணை அட்டவணையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கடைசித் தவணை 130-வது வரியில் இருக்க வேண்டும்.